கொடையிலிருந்து பதிலீடு வரையா? சடங்கியல் தாளுக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். முதுகலை மானுடவியல் விடைத்தாள்களை வெளித்தேர்வாளராகப் பல ஆண்டுகள் திருத்தியவன் நான். சடங்கு பற்றிய தாளில் ஒரு கட்டுரைக் கேள்வி வருஷம் தவறாமல் வருகிறது: "கொடைப் பரிமாற்றத்திலிருந்து பதிலீடு வரை, பலி பற்றிய கோட்பாடுகளை ஒப்பிடுக." அந்தக் கேள்வியிலுள்ள 'இருந்து', 'வரை' என்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்கே இந்த மடல்.

அந்த இரண்டு சொற்கள் மாணவர்களை என்ன செய்கின்றன என்று விடைத்தாள் கட்டைப் பிரித்தால் தெரியும். எல்லாரும் பஸ் ரூட் எழுதுகிறார்கள். 1871-இல் மானுடவியலாளர் டைலர் ஏறுகிறார், பலி என்பது கொடை என்கிறார். 1889-இல் ராபர்ட்சன் ஸ்மித், இல்லை, அது தெய்வத்தோடு சேர்ந்துண்ணும் விருந்து என்கிறார். 1899-இல் ஹூபர்ட்டும் மோஸும், 1956-இல் எவன்ஸ்-பிரிச்சர்ட், 1972-இல் ஜிரார். கடைசி நிறுத்தம் பதிலீடு, அதாவது பலியாகும் உயிர் வேறொருவருக்குப் பதிலாக நிற்கிறது என்பது; எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் தப்பென்று காட்டிவிட்டார், ஆகவே கடைசியாகச் சொன்னவர் சொன்னதே சரி என்ற தொனி எல்லாத் தாளிலும் ஒன்றுபோல் இருக்கும். கேள்வியே அப்படித்தானே படிக்கட்டு கட்டிக் கொடுத்திருக்கிறது!

படிக்கட்டு டைலரிடமே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய மனிதருக்குக் கொடுப்பதுபோலத் தெய்வத்துக்குக் கொடுப்பது முதலில். பிறகு அது வணக்கமாகிறது. பிறகு தெய்வத்துக்குப் பயன் உண்டோ இல்லையோ, கொடுப்பவன் தனக்கு அருமையானதைத் துறப்பதே முக்கியமாகிறது. இந்த மூன்று படிகளோடுதான் அவர் எழுதினார். மனிதனுக்கு மாடு, மாட்டுக்கு மாவுப்பொம்மை என்ற மாற்றெல்லாம் அவர் கணக்கில் செலவைக் குறைக்கும் வழி. சிக்கனத்தைத் தாண்டி அதில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கருத்தில் அவர் சறுக்கியது அங்கேதான்.

கொடைக் கோட்பாடும் பதிலீட்டுக் கோட்பாடும் ஒரே கேள்விக்கு வந்த இரண்டு விடைகள் அல்ல. கொடைக் கோட்பாடு 'யாருக்கு?' என்று கேட்கிறது. கொடுப்பவருக்கும் வாங்கும் தெய்வத்துக்கும் நடுவே என்ன உறவு, என்ன கடன், என்ன எதிர்பார்ப்பு என்று பார்க்கிறது. பதிலீட்டுக் கோட்பாடு 'யாருக்குப் பதில்?' என்று கேட்கிறது. கொடுப்பவருக்கும் கொடுக்கப்படும் உயிருக்கும் நடுவே என்ன உறவு என்பது அதன் பார்வை. ஒரே கிடாயைப் பற்றி இரண்டையும் கேட்கலாம். நம் மொழியிலேயே 'அம்மனுக்குக் கிடா' என்றும் சொல்கிறோம், 'பிள்ளைக்குக் கிடா' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் அதே 'கு' உருபுதான். நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூல் 'கொடை'யில் தொடங்கி, ஒன்று இன்னொன்றாக ஆகும் 'அதுவாதல்', இன்னதற்காக என்னும் 'பொருட்டு' என்பவற்றையும் அதே பட்டியலில் வைக்கிறது. பவணந்தியார் பலியைப் பற்றி எழுதவில்லை, தெரியும். ஆனாலும் வகுப்பில் இதைச் சொல்லித் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

கொடைப் பக்கம் நம் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கோயில் திருவிழாவுக்கே 'கொடை' என்றுதான் பெயர். பலியைக் 'கொடுக்கிறோம்' என்கிறோம். கிடா வெட்டு நடக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு கணம் நினைவிருக்கும். மாலை போட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று குலவை எழும். சிலுப்பாவிட்டால் இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். நேர்ந்துகொண்ட வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போகும், "என்ன குறை வச்சேன் தாயே" என்பார். வாங்க ஒருத்தி இருக்கிறாள், அவள் மறுக்கவும் கூடும் என்றால்தான் அந்தக் காத்திருப்புக்குப் பொருள் உண்டு. "எனக்குத் தா, உனக்குத் தருகிறேன்" என்று தைத்திரீய சம்ஹிதையில் ஒரு வரி வருகிறது. மோஸ் 1925-இல் கொடையைப் பற்றி எழுதியபோது, உலகப் பொருள்களுக்கெல்லாம் உண்மையான சொந்தக்காரர்கள் தெய்வங்களும் இறந்தோரும்தான், ஆகவே பரிமாற்றம் அவர்களோடுதான் முதலில் தொடங்கியிருக்கும் என்ற பொருளில் ஒரு சிறு பகுதி சேர்த்தார். இந்தப் பக்கம் இத்தனை போதும்.

பதிலீட்டுப் பக்கத்துக்கு நீங்கள் பாடத்தில் வைத்திருக்கும் நூயர் மக்களையே எடுத்துக்கொள்கிறேன். இன்றைய தென் சூடானில் நைல் சதுப்புநிலத்தில் மாடு வளர்ப்பவர்கள். எவன்ஸ்-பிரிச்சர்ட் 1930-களில் அவர்களிடையே தங்கி, 1956-இல் அவர்கள் சமயத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். மாணவர்கள் அதிலிருந்து 'உயிருக்கு உயிர்' என்ற ஒரு தொடரை மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். சடங்கின் படிகளைப் பார்ப்பதில்லை.

ஒருவர் நோயில் கிடக்கிறார் என்று வையுங்கள். காளையைக் கொண்டுவந்து முளையடித்துக் கட்டுகிறார்கள். இது க்வோத் என்னும் தெய்வத்தின் முன் நிறுத்துவது. அடுத்து அதன் முதுகில் சாம்பலை வலக்கையால் தேய்க்கிறார்கள். அதன்பின் ஈட்டியை வலக்கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் பேசத் தொடங்குகிறார். நோய் எப்படி வந்தது, யாருக்கும் யாருக்கும் என்ன மனத்தாங்கல், தெய்வத்திடம் என்ன வேண்டுகிறார்கள் என்று எல்லாம் வெளியே வரவேண்டும், பொய் கூடாது. ஒருவர் முடித்தால் இன்னொருவர் தொடர்வார், நீண்டுகொண்டே போகலாம். கடைசியில்தான் காளையின் வலப்பக்கத்தில் ஈட்டி பாய்கிறது. நிறுத்தல், சாம்பல், சொல், கொலை என்று நான்கு படிகள். நேரக் கணக்கில் கொலைதான் மிகச் சிறியது.

இதில் சாம்பல் படிதான் பதிலீட்டின் இடம். நூயர் இளைஞன் நெற்றியில் ஆறு கோடு கீறி ஆளாகும்போது தந்தை ஒரு காளையைக் கொடுக்கிறார். அந்தக் காளையின் பெயரே அவனுக்குப் பட்டப்பெயராகிறது, தோழர்கள் அவனை அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். வலக்கை என்பது ஆண்மை, வலிமை, நன்மை; ஈட்டி வலக்கையின் நீட்சி. அந்தக் கை சாம்பலோடு முதுகில் படும்போது மனிதன் தன்னையே அந்த உயிரில் வைக்கிறான் என்பது எவன்ஸ்-பிரிச்சர்டின் வாசிப்பு. அவனிடமுள்ள தீங்கும் அதில் ஏறி, ரத்தத்தோடு மண்ணில் இறங்கிப்போகிறது. உயிர் தெய்வத்துக்கு, இறைச்சி மனிதருக்கு. இறைச்சியை உண்பது பலிக்கு வெளியே நடப்பது என்று அவர் பிரித்தார். ராபர்ட்சன் ஸ்மித்தின் விருந்துக் கோட்பாட்டை அந்த ஒரு வெட்டால்தான் ஒதுக்கினார்.

காளை கைவசம் இல்லாதபோது அந்த இடத்துக்கு ஒரு காட்டு வெள்ளரிக்காய் வரலாம். சடங்கில் அதை மாடு என்றே சொல்கிறார்கள். மாட்டுக்குச் செய்வதை அதற்கும் செய்கிறார்கள். பலியில் பழமோ விலங்கோ இரண்டாகப் பிளக்கப்படும்போது இடப்பாதியை எறிந்துவிடலாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். வலப்பாதி மட்டுமே வீட்டாருக்கு. வெள்ளரிக்காய் மாடுதான் என்று நூயர் பொதுவாக நம்புகிறார்களா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. அந்தச் சடங்குக்குள், அந்தச் செயலின் தேவைக்கு, அது மாடு. 'அதுவாதல்' என்று நன்னூல் தொட்டது இந்த மாதிரி ஒரு இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றும். இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வரக்கூடும்.

1962-இல் பிரெஞ்சு மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் இந்த வெள்ளரிக்காயைக் கையிலெடுத்தார். காளை இல்லையென்றால் வெள்ளரிக்காய் வெட்டலாம். வெள்ளரிக்காய் இல்லையே என்று காளையை வெட்டுவது கேலிக்கூத்து என்றார். ஆக, பதிலீடு ஒருவழிப் பாதை. மாணவர்கள் இதை எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். எனக்குச் சுவாரசியம் இங்கேதான் தொடங்குகிறது.

ஏன் ஒருவழி? காளையும் காயும் சடங்குக்குள் உண்மையிலேயே ஒன்றென்றால் இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ள முடிய வேண்டுமே. முடியவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு மதிப்பு ஏணி இருக்கிறது. காளை பெரியது, காய் சிறியது. அந்தப் பெரியது சிறியதை யார் பார்க்கிறார்கள்? வாங்குபவர். சிறியதை ஏற்றுக்கொள்ளும் மனம் அவருக்கு இருக்க வேண்டும். பதிலீட்டின் சுத்தமான எடுத்துக்காட்டு என்று நாம் கொண்டாடும் வெள்ளரிக்காய்க்குள்ளேயே கொடையின் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. அதே நூயர் காளைக்குச் சாம்பல் தேய்த்து வாக்குக் கொடுத்துவிட்டு, வெட்டுவதைத் தள்ளிப்போடுவதும் உண்டு. நம்மூரில் 'நேர்ந்துவிட்ட கிடா' சுற்றித் திரிவதுபோல. அதுவும் கடன் நிலுவைதான்.

இன்னொரு எல்லையும் உண்டு. 1980-களில் அதே மக்களிடையே ஆய்வு செய்த ஷாரன் ஹட்சின்சன் 1996-இல் எழுதிய நூலில், பணத்துக்கு ரத்தம் கிடையாது என்று நூயர் சொன்னதைப் பதிவு செய்கிறார். மாடு மனிதனின் இடத்தில் நிற்கும். பணம் அப்படி நிற்க முடியாது. காய்க்கு மட்டும் ரத்தம் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். காய் சடங்கில் மாடாகப் பேசப்படுகிறது, மாடாக வெட்டப்படுகிறது. நோட்டை அப்படி ஈட்டியால் பிளக்க முடியாது என்பது என் ஊகம். மலிவானது எதுவும் பதிலாகிவிடும் என்ற டைலரின் சிக்கனக் கணக்கு உடைவது இங்கே.

எவன்ஸ்-பிரிச்சர்டை அப்படியே விழுங்கவும் வேண்டாம். அவர் 1944-இல் கத்தோலிக்கரானவர். பாவம், கழுவாய், தன்னையே ஒப்புக்கொடுத்தல் என்ற சட்டகத்தை நூயர்மேல் ஏற்றிவிட்டார் என்று லூக் டி ஹூஷ் ஆப்பிரிக்கப் பலிகள் பற்றிய தன் நூலில் வாதிட்டார். குற்றச்சாட்டில் பாதி சரி. ஆனால் சாம்பலும் வலக்கையும் காளைப்பெயரும் நூயருடையவை, ரோமிலிருந்து வரவில்லை. வர்ணனையையும் வாசிப்பையும் பிரித்துக் காட்டும் மாணவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன்.

'இருந்து... வரை' ஏன் ஆகாது என்பதற்கு என்னிடம் உள்ள பெரிய சான்று ஆப்பிரிக்காவிலிருந்து வரவில்லை. அது வேள்விகளை விளக்கும் வேத உரைநடை நூலான ஐதரேய பிராமணத்தில் இருக்கிறது. சோம வேள்வியில் தீட்சை பெற்ற எஜமானன், அதாவது வேள்வியைச் செய்விப்பவன், அக்னிக்கும் சோமனுக்கும் தானே பலிப்பொருளாக ஆகிவிடுகிறான். அவன் தன்னை மீட்டுக்கொள்வதற்காக ஒரு ஆடு கட்டப்படுகிறது. இங்கே நூலிலேயே ஒரு ஆட்சேபம் எழுகிறது: அந்த ஆட்டின் இறைச்சியை உண்ணலாமா? உண்ணக்கூடாது, ஏனென்றால் அதை உண்பவன் மனிதனை உண்கிறான். எஜமானன் தன்னையே அதனால் விலைகொடுத்து மீட்டிருக்கிறான். உடனே மறுப்பு வருகிறது: அந்தப் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம், உண்ணத்தான் வேண்டும், அது தெய்வங்கள் இரண்டுக்கும் உரிய படையல்.

நன்றாகப் பாருங்கள். ஆட்சேபிப்பவர் பதிலீட்டுக் கோட்பாட்டுக்காரர். மறுப்பவர் கொடைக் கோட்பாட்டுக்காரர். கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே, ஒரே ஆட்டின்மேல், வேள்விக் கூடத்துக்குள்ளேயே இந்த விவாதம் நடந்திருக்கிறது. இதில் எது முந்தியது, எது பிந்தியது? ஹூபர்ட்டும் மோஸும் வேத நூல்களைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான், மீட்பு என்ற எண்ணம் ஏதோ ஓரளவாவது கலவாத பலியே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். நேர்ந்துகொண்டவர் வேறு, வெட்டுகிறவர் வேறு என்று அவர்கள் பிரித்ததும் எஜமானனையும் புரோகிதரையும் பார்த்துத்தான். அது நம் வீட்டுத் திண்ணையில் கிடைக்கும் சான்று. அதை விட்டுவிட்டு மாணவர்கள் 1899 என்ற ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள்.

அதே நூலில் மாற்றுகளின் வரிசையும் இருக்கிறது. தேவர்கள் மனிதனைப் பலியாக எடுத்தார்கள். வேள்விக்குத் தகுந்த சாரம் அவனைவிட்டுக் குதிரைக்குள் போயிற்று. அங்கிருந்து மாடு, செம்மறி, வெள்ளாடு. பிறகு மண்ணுக்குள் புகுந்து நெல்லாயிற்று. அதனால்தான் ஓட்டுச்சில்லுகளில் சுடும் அரிசி அடை, புரோடாசம், பலி ஆகிறது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு நூலான சதபத பிராமணம் இதைச் சமையலறைக்கே கொண்டுவந்துவிடுகிறது: மாவாக இருக்கையில் அது மயிர், தண்ணீர் ஊற்றும்போது தோல், பிசையும்போது தசை, சுட்டதும் எலும்பு, நெய் தெளிக்கும்போது மஜ்ஜை. அடை சுடுபவரின் கையில் ஒரு விலங்கு உருவாகிறது. இதைச் சிக்கனம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் மாற்றுக்கு எப்போதும் தத்துவமே காரணம் என்றும் எண்ணவேண்டாம். 1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் அக்னிசயனம் என்னும் வேத வேள்வியைச் செய்தபோது ஆடுகளுக்குப் பதில் வாழையிலையில் பொதிந்த அரிசிமாவு வைத்தார்கள். உயிர்ப்பலிக்கு வெளியே எழுந்த எதிர்ப்புதான் காரணம். 'யாருக்கு', 'யாருக்குப் பதில்' இரண்டோடு 'யார் பார்க்கிறார்கள்' என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜிராரைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு கூட்டத்துக்குள் பகை முற்றி ஒருவன்மேல் பாய்கிறது, அவன் சாவால் அமைதி வருகிறது. பின்னால் வரும் பலிகளெல்லாம் அந்த முதல் பலியாளுக்குப் பதில் என்பது அவர் வாதம். படிக்கும்போது பிரமாதமாக இருக்கும். அந்த முதல் கொலையை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்பதே கோட்பாட்டின் பகுதி. தடயம் இல்லாததும் அதற்குச் சான்றாகிவிடுகிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக வெட்டிய வெள்ளரிக்காயில் எந்தக் கும்பலின் கோபத்தைத் தேடுவது? மாணவர்கள் இவரிடம் மயங்கி, ஆயுத பூஜைக்கு நாம் உடைக்கும் பூசணிக்காய் நரபலியின் மிச்சம் என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே குங்குமம் சிவப்பாக இருக்கிறது, ஆகவே ரத்தம், ஆகவே மனிதன். இடையில் ஒரு சான்றும் கிடையாது.

அந்தப் பூசணிக்காயையே ஒழுங்காகக் கேட்டிருக்கலாம். கடையைச் சுற்றி, ஆளைச் சுற்றிக் காட்டிவிட்டு நடுத்தெருவில் உடைக்கிறோம். யாரும் எடுத்துச் சமைப்பதில்லை. மிதிக்கக்கூடாது என்று பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கிறோம். கிடாக்கறியோ ஊரே உட்கார்ந்து உண்பது. கிடா கொடையாகப் போய்ப் பிரசாதமாகத் திரும்புகிறது. பூசணி கண்ணேறை வாங்கிக்கொண்டு போகிறது, திரும்பிவரக் கூடாது. அதற்கு வாங்குபவர் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே சந்தேகம். சரி, உண்டால் கொடை, உண்ணாவிட்டால் ஈடு என்று விதி போட்டுவிடலாமா என்றால் நூயர் வந்து கெடுக்கிறார்கள்: தீங்கை ஏற்றிய காளையை அவர்கள் வெட்டி உண்கிறார்கள், தீங்கு ரத்தத்தோடு போய்விட்டது என்று. ஆகவே யார் உண்டார் என்பதோடு, தீங்கு எந்தப் பகுதியில் ஏறி எங்கே இறங்கியது என்றும் களத்தில் கேட்டாக வேண்டும். இந்த இரண்டும் இல்லாத களக்குறிப்பை வைத்துக்கொண்டு எந்தக் கோட்பாட்டையும் ஒப்பிட முடியாது.

என் வேண்டுகோள் இது. அடுத்த முறை கேள்வியை இப்படி மாற்றுங்கள்: "ஒரே பலிச் சடங்கை எடுத்துக்கொண்டு, அது யாருக்குக் கொடுக்கப்படுகிறது, யாருக்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிறது என்ற இரண்டையும் அதன் படிகளிலிருந்து காட்டுக. இரண்டு விடைகளும் எங்கே மோதுகின்றன?" பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களைக் கட்டாயப் பட்டியலிலிருந்து தூக்க வேண்டாம், ஐதரேய பிராமணத்தின் அந்த ஒரு பத்தியைத் தமிழில் பெயர்த்து அவற்றோடு சேருங்கள், ஒரு பக்கம்கூட வராது. மாணவர் வீட்டுக் கிடா வெட்டையே சடங்காக எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்படி திருத்துவோருக்கு ஒரு குறிப்பு வையுங்கள். போன முறை ஒரு மாணவி, தன் ஊரில் கிடா சிலுப்பாததால் அதை விட்டுவிட்டு வேறு கிடா பிடித்துவந்ததை நான்கு வரியில் எழுதியிருந்தாள். விட்டுவிட்ட கிடாய்க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஓரத்தில் கேட்டுத் தாளைத் திருப்பியனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் விடைத்தாள்களைத் திருத்தியவர்களில் ஒருவன்